பாடசாலை முடிந்தபின் அனிமேஷன் கழகம்: அதிபருக்கு எழுதும் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கட பாடசாலையில் அனிமேஷன் கழகம் தொடங்க ஆசை. அதிபருக்கு எத்தனை பக்கத்தில் எழுத வேண்டும்? அனிமேஷனால் வரும் நன்மைகளையெல்லாம் விளக்க வேண்டுமா?

ஒரே பக்கம். பின்னால் இரண்டு இணைப்புகள்: ஒன்று பொருட்பட்டியல், மற்றது நேர அட்டவணை. நன்மைகளை விளக்கும் பந்திகளை முழுதாக வெட்டிவிடுங்கள். என்னிடம் பார்க்கத் தரும் கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை "இன்றைய நவீன உலகில்" என்றுதான் ஆரம்பிக்கின்றன. அதிபர் அந்த வரியை வாசிக்கமாட்டார். கடிதத்தைக் கையில் எடுத்தவுடன் அவர் தேடுவது வேறு: எந்த அறை, திறப்பு யாரிடம், பிள்ளைகளுக்குப் பொறுப்பு யார், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள், காசு கேட்கிறார்களா. இந்த ஐந்துக்கும் முதல் பாதிப் பக்கத்திலேயே பதில் இருந்தால், கடித ஓரத்தில் "அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்து வைக்க அவருக்கு இலகு. இல்லாவிட்டால் "வந்து கதையுங்கள்" என்பார். அந்த "வந்து கதைப்பது" ஒரு தவணையைத் தின்றுவிடும்.

நான் பழைய மாணவன். கொழும்பில் வீடியோ எடிட்டிங் செய்துவிட்டு இப்போது களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். நானே கையெழுத்திட்டு அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் தனியாக வேண்டாம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு பாடசாலை வளவுக்குள் பிள்ளைகள் நிற்பதென்றால் அங்கே பணிபுரியும் ஆசிரியர் ஒருவர் அறைக்குள் இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்த அதிபரும் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்கவும் கூடாது. ஆகவே முதலில் சித்திரப் பாட ஆசிரியரையோ ஐ.சி.ரி. ஆசிரியரையோ பிடியுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். "வளவாளர்" என்ற இடத்தில் உங்கள் பெயர் வரட்டும். தேசிய அடையாள அட்டைப் பிரதியையும், எந்தெந்த நாள் வருவீர்கள் என்பதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வெளியாள் ஒருவர் தொடர்ந்து வருவதால் வலயத்துக்கும் தெரிவிக்க அதிபர் விரும்பலாம். அப்படியானால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கான கடிதம் அதிபர் ஊடாகத்தான் போக வேண்டும். வலயத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று நேரே அங்கே போய் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தால் அதிபர் முகம் கறுக்கும். அதற்குப் பிறகு கணினி அறைத் திறப்பு ஒவ்வொரு செவ்வாயும் காணாமல் போகும்.

வளவள என்று சொல்லாமல் முழுக் கடிதத்தையும் ஒருமுறை காட்டுங்களேன்.

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலை ஒன்றின் சித்திர ஆசிரியை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முன்னொட்டையும் இடைவெளிகளையும் உங்கள் பாடசாலைக்கு ஏற்ப மாற்றுங்கள்.

> ………………………
> சித்திரப் பாட ஆசிரியை,
> மட்/ ……………… மகா வித்தியாலயம்.
> திகதி: ………………
>
> அதிபர்,
> மட்/ ……………… மகா வித்தியாலயம்.
>
> ஐயா,
>
> பாடசாலை நேரத்தின் பின் அனிமேஷன் கழகம் நடத்த அனுமதி கோரல்
>
> தரம் 7, 8, 9 மாணவர் 20 பேருக்கு, இரண்டாம் தவணையில் செவ்வாய்க்கிழமை தோறும் பி.ப. 2.00 முதல் 3.30 வரை அனிமேஷன் கழகம் ஒன்றை நடத்தத் தங்கள் அனுமதியைக் கோருகின்றேன். கழகம் பத்து வாரங்கள் நடைபெறும். நால்வர் கொண்ட ஐந்து குழுக்கள், வெட்டிய காகித உருவங்களைப் பயன்படுத்தி, குழுவுக்கு ஒன்றாக 20 செக்கன் நீளமான ஐந்து படங்களைத் தயாரிக்கும். பத்தாவது வாரத்தில் அவை தங்கள் முன்னிலையில் பெற்றோருக்குத் திரையிடப்படும்.
>
> தங்களிடம் வேண்டுவன: சித்திர அறையை அந்நேரத்தில் பயன்படுத்தும் அனுமதி, ஒன்பதாம், பத்தாம் வாரங்களில் கணினி அறையின் இரண்டு கணினிகள், பூட்டக்கூடிய அலுமாரியில் ஒரு தட்டு. பாடவேளை எதுவும் கோரப்படவில்லை. இணைய இணைப்புத் தேவையில்லை. மாணவரிடம் பணம் அறவிடப்படமாட்டாது.
>
> 1.30 முதல் கடைசி மாணவர் வெளியேறும்வரை நான் அறையில் இருப்பேன். பழைய மாணவர் திரு. ……………… வளவாளராக உதவுவார். அவரது அடையாள அட்டைப் பிரதி இத்துடன் உள்ளது. பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாத மாணவர் சேர்க்கப்படமாட்டார். மாணவர் கைபேசி கொண்டுவரமாட்டார்கள். படம்பிடிக்கப் பயன்படும் ஐந்து பழைய கைபேசிகளும் சிம் அட்டை இன்றி அலுமாரியில் வைக்கப்படும். அவற்றின் கமரா எப்போதும் மேசையை நோக்கியே பொருத்தப்பட்டிருக்கும். மாணவரின் முகங்கள் படம்பிடிக்கப்படமாட்டா.
>
> பொருட்பட்டியலும் நேர அட்டவணையும் இணைக்கப்பட்டுள்ளன. முதல் வாரத்துக்கு எந்த உபகரணமும் தேவையில்லை என்பதால், தாங்கள் விரும்பினால் அந்த ஒரு நாளை நேரில் பார்த்தபின் முடிவு செய்யலாம்.
>
> நன்றி.
>
> இங்ஙனம்,
> ………………………

இணைப்பு 1, பொருட்பட்டியல். இதை மூன்று தலைப்பாகப் பிரியுங்கள்.

> *பாடசாலையில் இருப்பவை:* மேசை 5, வாங்கு, கத்தரிக்கோல், கணினி 2, திரையிடும் நாளுக்கு புரொஜெக்டர்.
> *நாம் கொண்டுவருபவை:* பழைய கைபேசி 5 (இரவல்), சார்ஜர் 5, மரச் சட்டத் தாங்கி 5 (அன்பளிப்பு).
> *வாங்க வேண்டியவை:* மேசை விளக்கு 10, ஒரே கம்பனியின் 9 வாட் எல்.இ.டி. மின்குமிழ் 12, எக்ஸ்டென்ஷன் கோட் 3, பிரிஸ்டல் போர்ட், புளூடாக், கறுப்புத் துணி. இரண்டு கடைகளின் கொட்டேஷன் இணைக்கப்பட்டுள்ளது.

இணைப்பு 2, நேர அட்டவணை.

> *வாரம் 1:* அப்பியாசக் கொப்பியின் மூலையில் புரட்டுப் படம்.
> *வாரம் 2:* அழிறப்பரை மேசையில் நகர்த்திப் படம்பிடித்துப் பழகல்.
> *வாரம் 3:* கதை. ஆறு கட்டங்களில் கீறல்.
> *வாரம் 4, 5:* உருவங்களும் பின்னணியும் வெட்டல்.
> *வாரம் 6, 7, 8:* படம்பிடித்தல்.
> *வாரம் 9:* கணினியில் கோத்தல், ஒலி.
> *வாரம் 10:* திருத்தம், திரையிடல்.
> போயா, விடுமுறை ஆகியவற்றுக்கு ஈடாக இரண்டு செவ்வாய்கள் ஒதுக்கப்பட்டுள்ளன.
>
> *ஒவ்வொரு செவ்வாயும்:* 1.30 சாப்பாடு, 2.00 வரவுப் பதிவு, விளக்குப் பொருத்தல், 2.10 வேலை, 3.10 படங்களைப் பிரதி எடுத்தல், பொருட்களை எண்ணி அலுமாரியில் வைத்தல், 3.30 வீடு.

பத்து வாரம் என்றதும் எங்கள் அதிபர், "சனி ஞாயிறு இரண்டு நாள் பட்டறை வைத்தால் போதும்தானே மிஸ்" என்று கேட்டார். என்ன சொல்வது?

கணக்கைக் காட்டுங்கள். செக்கனுக்கு 12 பிரேம் என்பது இந்த வகைப் படத்துக்கு வழக்கமான அளவு. சினிமா 24 பிரேமில் ஓடுகிறது. ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டினால் 12 படம் போதும், கண்ணுக்குக் குறை தெரியாது. ஆகவே 20 செக்கனுக்கு 240 படம். பழக்கமில்லாத நான்கு பிள்ளைகள், ஒருவர் உருவத்தை நகர்த்த, ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் அழுத்த, ஒருவர் எண்ணிக்கை எழுத, ஒரு மணித்தியாலத்தில் ஏறத்தாழ 80 படம் எடுப்பார்கள். மூன்று செவ்வாய் அப்படி வந்ததுதான்.

ஒரு குழுவின் கதையை எடுத்துப் பார்ப்போம். வாவியில் தோணி வருகிறது, 4 செக்கன். வீச்சுவலை விரிகிறது, 3. காத்திருக்கிறார், 3. இழுக்கிறார், 4. வலைக்குள் ஒரு பழைய செருப்பு, 3. அவரது முகம், 3. தோணி வரும் 4 செக்கனுக்கு 48 படம். ஏ3 தாளின் ஓரத்திலிருந்து நடுப்பக்கம் கடந்து 29 சென்ரிமீற்றர் போக வேண்டுமானால் ஒவ்வொரு படத்துக்கும் 6 மில்லிமீற்றர் நகர்த்த வேண்டும். பிள்ளைகள் கண்மட்டத்தில் நகர்த்தினால் ஒரு தடவை 3, மறு தடவை 12 என்று போய் தோணி துள்ளும். அதற்காக 6 மி.மீ. கோடுகள் போட்ட ஒரு காகிதப் பட்டியைப் பின்னணியின் கீழ் விளிம்பில், கமராவுக்குத் தெரியாத இடத்தில் ஒட்டுகிறோம். புறப்படும்போது முதல் நான்கைந்து நகர்வும் நிற்கும்போது கடைசி நான்கைந்து நகர்வும் 2 மி.மீ., 3 மி.மீ. என்று சிறிதாக இருந்தால் தோணிக்குப் பாரம் வந்துவிடும்.

வலை விரிவதற்கு ஒரே வலையை நகர்த்திப் பயனில்லை. சுருட்டிய வலை, பாதி விரிந்த வலை, முழுவட்டம் என நாலு அளவில் வெட்டி, ஒன்றை எடுத்து மற்றதை வைக்க வேண்டும். காத்திருக்கும் 3 செக்கனில் 36 படம் எடுக்கத் தேவையில்லை. தண்ணீர்ப் பட்டியை மட்டும் அசைத்து 6 படம் எடுத்து அதையே ஆறு முறை ஓட்டலாம். முழுதாக ஒரே படத்தை நிறுத்தினால் படம் செத்துப்போகும். தண்ணீர் அசைந்தால் மனிதர் உயிரோடு நிற்பார். இப்படி மிச்சம் பிடிக்கும் படங்கள், கை பட்டுக் குழம்பிப்போனவற்றை மறுபடி எடுக்க உதவும்.

இரண்டு நாள் பட்டறையில் இதையெல்லாம் வளவாளர்தான் செய்வார், பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதை அதிபரிடம் நேராகவே சொல்லலாம்.

செவ்வாய் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வெள்ளி வைத்தால் அடுத்த நாள் விடுமுறை, பிள்ளைகளுக்கு வசதிதானே?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வீடுகள் பல. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் பாடசாலைகளில் ஜும்ஆவுக்காக வெள்ளி நேரத்தோடு முடிந்துவிடும். அன்று பிற்பகல் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடுவது நடக்காத காரியம். அந்தப் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறையும் தவணைத் திகதிகளும் வேறு. ஆகவே கடிதம் எழுதுமுன் உங்கள் வகைப் பாடசாலைக்குரிய தவணை அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு வாரங்களை எண்ணுங்கள்.

திங்கள் எங்கே நீண்ட விடுமுறை வந்தாலும் முதலில் அடிபடும் நாள். மிச்சம் செவ்வாய், புதன், வியாழன். இதில் எது என்பதை அதிபரோ நீங்களோ தீர்மானிப்பதில்லை, ரியூசன் தீர்மானிக்கிறது. தரம் 8, 9 பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் எந்த நாட்களில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நாளைப் போடுங்கள். நாலு மணி வகுப்புக்குப் போகும் பிள்ளை 3.30க்கு விடுபட்டால் வருவாள், 4.00 என்று எழுதினீர்கள் என்றால் மூன்றாம் வாரமே காணமாட்டீர்கள். பஸ்ஸில் போகும் பிள்ளைகள் இருந்தால் கடைசியாக நம்பக்கூடிய பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பாருங்கள். பட்டிருப்பிலோ வாகரையிலோ ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நிற்பது சின்ன விடயம் அல்ல.

ஏன் இரண்டாம் தவணை? ஜனவரியிலேயே தொடங்கினால் என்ன?

முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி. பிற்பகல் முழுக்க மைதானத்தில் பிள்ளைகள், ஆசிரியர்களும் அங்கேதான். மூன்றாம் தவணையில் வருட இறுதிப் பரீட்சையும் மழையும் சேர்ந்து வரும். கிழக்கில் ஒக்ரோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவமழை. வெள்ளம் கூடினால் பாடசாலையே நலன்புரி நிலையமாக மாறும். மழைக்காலத்தில் பிரிஸ்டல் போர்ட் ஈரத்தைக் குடித்து ஓரம் சுருளும், வெட்டிய தோணி தாளில் படுக்காமல் நிழல் விழுத்தும். இரண்டாம் தவணையிலேயே வேலையை முடித்துவிட்டு, அலுமாரியின் மேல் தட்டில் எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள். கீழ்த்தட்டு வேண்டவே வேண்டாம்.

கடிதத்தை முதலாம் தவணை முடியும் முன் கொடுத்துவிட்டால், தவணைத் தொடக்கக் கூட்டத்தில் அதிபர் அதைச் சொல்லுவார்.

பாடசாலைக்குள் கைபேசி தடை. நல்ல டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்று வாங்கித் தரும்படி கேட்கலாமா?

வேண்டாம். ஒரு கமரா வந்தால் ஒரு குழு வேலை செய்யும், நான்கு குழு வேடிக்கை பார்க்கும். பூட்டி வைத்து, திறப்பு ஒருவரிடம் இருந்து, அவர் லீவு எடுத்த அன்று கழகம் நின்றுபோகும். ஐந்து பழைய அன்ட்ரொயிட் போன்கள் அதைவிட மேல். திரை வெடித்திருந்தாலும் பரவாயில்லை, கமராக் கண்ணாடி கீறாமல் இருந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்மூடி உப்பி எழும்பி இருந்தால் பட்டரி வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் போனை அன்பாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்ஜில் போட்டு அலுமாரிக்குள் வைக்கும் சாமான் அல்ல அது.

தடை எதற்காக என்று யோசித்தால் கடிதத்தில் என்ன எழுதுவது என்பது விளங்கும். அதிபர் பயப்படுவது அழைப்புக்கும் இணையத்துக்கும் பிள்ளைகளைப் படம்பிடிப்பதற்கும். சிம் இல்லை, விமானப் பயன்முறையில் இருக்கும், 1 முதல் 5 வரை இலக்கம் ஒட்டியிருக்கும், 3.10க்கு எண்ணி உள்ளே போகும், கமரா கீழ் நோக்கியே இருக்கும். மாதிரிக் கடிதத்தில் கமரா பற்றிய வரியை அதற்காகவே போட்டேன். பெண் பிள்ளைகளின் பெற்றோர் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு அந்த வரி நிறைய உதவும்.

தாங்கி தச்சுப் பட்டறையில் செய்யலாம். மேசையிலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு பலகை, அதில் கமராவுக்கு ஒரு துளை, இரு பக்கமும் கால். அந்த உயரத்தில் சாதாரண போன் கமராவுக்குள் ஏ3 தாள் முழுதாக வரும். போனை இறப்பர் பட்டியால் பலகையில் கட்டி, கால்களை மேசையில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். இடையில் ஒரு மில்லிமீற்றர் ஆடினாலும் படம் ஓடும்போது வாவியே குதிக்கும்.

பத்து மேசை விளக்கு எதற்கு? பகல் இரண்டு மணிக்கு மட்டக்களப்பில் வெளிச்சத்துக்கா பஞ்சம்?

பஞ்சம் இல்லை, அதுதான் பிரச்சினை. ஒரு மணித்தியாலத்தில் எடுத்த 80 படங்கள் ஏழு செக்கனுக்குள் ஓடப்போகின்றன. அந்த ஒரு மணித்தியாலத்தில் வந்துபோன ஒவ்வொரு முகிலும் ஏழு செக்கனுக்குள் வந்துபோகும், படம் மின்னி மின்னி எரியும். ஆகவே ஜன்னலைப் பழைய காட்போட் மட்டையால் அடைத்து, மேசைக்கு இரண்டு விளக்கு, இடமும் வலமுமாக 45 பாகையில். எல்லா மின்குமிழும் ஒரே கம்பனி, ஒரே நிறம். வாங்கும் முன் கடையிலேயே ஒன்றை எரியவிட்டு போன் கமராவால் பாருங்கள். திரையில் கறுப்புக் கோடுகள் ஊர்ந்தால் அந்தக் குமிழ் வேண்டாம்.

ஜன்னலை அடைத்தால் வெக்கை தாங்காது, மின்விசிறி போட வேண்டும். விசிறிக்கு மேலே இருக்கும் சீலிங் லைட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் இறக்கையின் நிழல் தாளில் ஓடும். காகிதத் துண்டுகள் பறக்காமல் இருக்கத்தான் புளூடாக், ஒரு மிளகு அளவு.

போன் தானாக வெளிச்சத்தையும் ஃபோக்கஸையும் மாற்றுவதையும் நிறுத்த வேண்டும். பெரும்பாலான போன்களில் திரையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். வசதி இல்லாத போன்களுக்கு Open Camera என்ற இலவசச் செயலி. இவ்வளவு செய்தும் படம் மினுங்கினால் பிள்ளைகளின் சட்டையைப் பாருங்கள். நம் சீருடை வெள்ளை. ஒரு பிள்ளை மேசையில் குனியும்போது விளக்கொளி சட்டையில் பட்டுத் தாளுக்குத் திரும்பும், விலகினால் அது போய்விடும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். பொருட்பட்டியலில் கறுப்புத் துணி இருப்பது இதற்குத்தான். நகர்த்தும் பிள்ளை அதை முன்னால் கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற மூவரும் நிலத்தில் ஒட்டிய டேப் கோட்டுக்குப் பின்னால் போன பிறகே படம் எடுக்க வேண்டும். பட்டியலில் "கறுப்புத் துணி" என்று வெறுமனே விட்டால் அதிபர் நாடகம் போடுகிறார்கள் என்று நினைப்பார், பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதுங்கள்.

மின்சாரக் கட்டணம் கூடும் என்று எங்கள் சேர் தயங்குகிறார்.

பத்து விளக்கு 90 வாட். ஐந்து சார்ஜர் 50 வாட் என்று வையுங்கள். கணினி இரண்டுக்கும் 300. எல்லாம் ஒன்றாக ஒன்றரை மணித்தியாலம் ஓடினாலும் ஒரு யூனிற்றுக்குள்தான் வரும். கணினி ஓடாத வாரங்களில் கால் யூனிற்றும் வராது. விசிறிகள் தனி. இந்தக் கணக்கை இணைப்பு 1இன் அடியில் இரண்டு வரியில் எழுதிவிட்டால் அந்தக் கேள்வியே வராது.

கணினி அறையில் இருப்பவை பழசு, 4 ஜி.பி. ராம்தான். மென்பொருள் வாங்கக் காசு கேட்கலாமா?

எதையும் வாங்கத் தேவையில்லை. போனிலேயே Stop Motion Studio செயலியின் இலவசப் பதிப்பு முந்தைய படத்தை நிழலாகக் காட்டி உதவும். சில வசதிகள் பூட்டியிருக்கும், அவை நமக்குத் தேவையற்றவை. கையால் கீற விரும்பும் பிள்ளைகளுக்கு Pencil2D இலவசம். பழைய கணினியிலும் ஓடும்.

வெறும் கமராவில் எடுத்திருந்தால் படங்களை ஒரு கோப்புறையில் போட்டு, பெயர் ஒழுங்கில் அடுக்கி, முதலாவது படத்தைத் தெரிந்து, Ctrl+A அழுத்தி, F2 அழுத்தி, padam என்று பெயர் கொடுங்கள். விண்டோஸ் அவற்றை padam (1), padam (2) என்று மாற்றும். ffmpeg.exe கோப்பை அதே கோப்புறையில் வைத்துக்கொண்டு, கோப்புறையின் முகவரிப் பட்டியில் cmd என்று அடித்துத் திறக்கும் கட்டளை வரியில் இதைக் கொடுத்தால் போதும்:

```
ffmpeg -framerate 12 -i "padam (%d).jpg" -vf scale=1280:-2 -c:v libx264 -pix_fmt yuv420p padam.mp4
```

12 என்ற இடத்தை 8 ஆக்கி ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள், வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்வார்கள். பெயர் மாற்றுமுன் சோதனைக்கு எடுத்த படங்களையும் கை விழுந்த படங்களையும் அழித்துவிடுங்கள். பிறகு அழித்தால் இலக்கத்தில் இடைவெளி வரும், கட்டளை அந்த இடத்தோடு நின்றுவிடும்.

கடிதத்தில் இந்தப் பெயர்கள் ஒன்றும் வேண்டாம். "இலவச மென்பொருள், இணையம் தேவையில்லை" என்பது போதும். ஐ.சி.ரி. ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கணினி அறைக்கு உண்மையான அதிபர் அவர்தான்.

வாங்க வேண்டியதற்குக் காசு யாரிடம் கேட்பது? வெளிநாட்டில் இருக்கும் எங்கட ஆட்கள் அனுப்பத் தயார்.

காசாக வாங்காதீர்கள், பொருளாக வாங்குங்கள். காசு வந்தால் அது பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்குள் போய், கூட்டத் தீர்மானம் எடுத்து, காசோலை எழுதி வெளியே வர வேண்டும். அதுதான் சரியான முறையும்கூட. ஆனால் பத்து மேசை விளக்குக்கு அது நீண்ட வழி. அனுப்புகிறவர் நகரத்துக் கடையொன்றில் கொட்டேஷனைப் பார்த்து நேரே கட்டிவிட, பற்றுச்சீட்டோடு பொருள் பாடசாலைக்கு வரட்டும். இன்றைய விலை அடுத்த மாதம் இராது, அதனால் இங்கே விலை எதையும் நான் போடவில்லை. கொட்டேஷனில் எத்தனை நாளைக்குச் செல்லும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்பளிப்பா இரவலா என்பதைப் பொருளுக்குப் பொருள் எழுதுங்கள். அன்பளிப்பு பொருட்பதிவேட்டில் ஏறும், ஏறியது பாடசாலைச் சொத்து. விளக்கும் தாங்கியும் அப்படி ஏறுவது நல்லது. பழைய போனைப் பதிவேட்டில் ஏற்றினால் அடுத்த வருடம் அது செத்த பிறகும் கணக்கெடுப்பில் காட்ட வேண்டி வரும், பதிவிலிருந்து கழிக்கத் தனி நடைமுறை. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை வேலை செய்யாத மூன்று போன்களை அலுமாரியில் வைத்துப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் மாதிரிக் கடிதத்தில் கைபேசிக்குப் பக்கத்தில் "இரவல்" என்று இருக்கிறது.

தரம் 10, 11 பிள்ளைகளும் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?

முதல் வருடம் வேண்டாம். சாதாரண தரப் பெறுபேறு ஒன்று குறைந்தாலும் பழி கழகத்தின் மேல் விழும்.

கடிதம் கொடுத்து மூன்று வாரம். கேட்டால் "பார்ப்பம்" என்கிறார். திரும்பவும் எழுதுவதா?

எழுதாதீர்கள். "பார்ப்பம்" என்றால் பெரும்பாலும் கடிதத்தில் ஏதோ ஒன்று அவருக்கு இடிக்கிறது, முகத்துக்கு நேரே சொல்ல விருப்பமில்லை என்று பொருள். அது என்னவென்று உப அதிபரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். பல இடங்களில் அது அறையாகத்தான் இருக்கும்: அதே செவ்வாய் சித்திர அறையில் வேறு யாரோ மேலதிக வகுப்பு வைத்திருப்பார்கள், அல்லது 3.30க்கு வாயிற்கதவைப் பூட்ட ஆள் இல்லை. அறை என்றால் நாளை மாற்றிக்கொண்டு போங்கள். வாயிற்கதவு என்றால் காவலாளி எத்தனை மணிவரை நிற்கிறார் என்று கேட்டு, அவர் போக முன் முடியும்படி அட்டவணையை அரை மணித்தியாலம் முன்னுக்கு இழுங்கள். அப்படிச் செய்தால் சாப்பாட்டு நேரம் சுருங்கும், பிள்ளைகளைச் சோற்றுப் பார்சலோடு வரச் சொல்ல வேண்டியிருக்கும்.

காரணம் ஒன்றும் பிடிபடாவிட்டால், கடிதத்தின் கடைசிப் பந்தியில் சொன்ன அந்த முதல் வாரத்தை மட்டும் கேளுங்கள். ஒரு செவ்வாய், இருபது அப்பியாசக் கொப்பி, இருபது பென்சில். கொப்பியின் வலது கீழ் மூலையில் கடைசித் தாளிலிருந்து முன்னோக்கி 24 தாளில் ஒரு பந்து விழுந்து எழும்பட்டும். தாள் மெல்லியதென்றால் கீழே உள்ள கோடு மேல்தாளில் தெரியும், அதைப் பார்த்தே அடுத்ததைக் கீறலாம். முடிந்ததும் நன்றாக வந்த நாலைந்து கொப்பிகளை எடுத்துக்கொண்டு பிள்ளைகளையே அதிபரின் அறைக்கு அனுப்புங்கள், நீங்கள் போகாதீர்கள். கடிதத்தின் இன்னொரு பிரதியை அந்தக் கொப்பிகளுக்கு அடியில் வைத்து அனுப்பினால் அவர் தேட வேண்டியும் இராது.